வடமேற்கு மூலையும் மிகக் குறைந்த செலவும்: மரக்கறி மூடைகளை வைத்து ஒரு பரீட்சைப் பயிற்சி

ஹட்டனில் வார இறுதி வகுப்புக்கு வரும் மாணவர்களின் பயிற்சி விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், போக்குவரத்துப் பிரச்சினைக் கணக்கில் முதலில் நிரப்பிய கட்டங்களை எண்ணுவேன். மொத்தச் செலவைப் பிறகுதான் பார்ப்பேன். மூன்று நிரைகளும் நான்கு நிரல்களும் உள்ள அட்டவணையில் ஆறு கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து இருந்தால் எங்கோ ஒரு பூச்சியம் விடுபட்டிருக்கிறது. ஏழு இருந்தால் எங்கோ ஓர் ஒதுக்கீடு பாதியில் நின்றிருக்கிறது. இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று விளங்கிக்கொண்டால், கணக்கின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

இங்கே தொடக்கத் திட்டம் ஒன்றைக் கண்டுபிடிப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதைத் திருத்தித் திருத்தி உத்தமத் தீர்வுக்குக் கொண்டுபோவது அடுத்த பாடம். தொடக்கம் பிழைத்தால் அந்தப் பாடம் முழுவதும் பிழைக்கும் என்பதால், இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

கணக்கு

மூன்று இடங்களில் மரக்கறி மூடைகள் தயாராக இருக்கின்றன. நுவரெலியாவில் 70, கெப்பெட்டிபொலவில் 50, பண்டாரவளையில் 40. நான்கு சந்தைகள் கேட்கின்றன. மட்டக்களப்புக்கு 20, தம்புள்ளைக்கு 60, பேலியகொடைக்கு 50, கண்டிக்கு 30. எந்த மூடையும் ஒன்றுதான். கரட்டா கோவாவா என்ற வேறுபாடு இந்தக் கணக்கில் இல்லை. ஒரு மூடையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் செலவை, நூறு ரூபாய்க் கணக்கில், கீழே தருகிறேன். இந்த எண்கள் பயிற்சிக்காக நானே இட்டவை. லொறிக்காரர்களிடம் கேட்டால் வேறு விலை சொல்வார்கள்.

| | மட்டக்களப்பு | தம்புள்ளை | பேலியகொடை | கண்டி | நிரம்பல் |
|---|---|---|---|---|---|
| நுவரெலியா | 12 | 7 | 8 | 4 | 70 |
| கெப்பெட்டிபொல | 8 | 9 | 10 | 6 | 50 |
| பண்டாரவளை | 6 | 11 | 11 | 7 | 40 |
| கேள்வி | 20 | 60 | 50 | 30 | 160 |

பேனையை எடுக்குமுன் ஒரு கூட்டல் செய்யுங்கள். நிரம்பல் 70, 50, 40 சேர்ந்து 160. கேள்வி 20, 60, 50, 30 சேர்ந்து 160. இரண்டும் சமம், ஆகவே தொடங்கலாம். சமமில்லாவிட்டால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் பார்ப்போம். விடைத்தாளிலும் "மொத்த நிரம்பல் = மொத்தக் கேள்வி = 160" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். திருத்துபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

வடமேற்கு மூலை

தேசப்படத்தில் மேல்பக்கம் வடக்கு, இடப்பக்கம் மேற்கு. அட்டவணையையும் அப்படி ஒரு படமாகப் பார்த்தால், மேலே இடது ஓரத்தில் உள்ள கட்டமே வடமேற்கு மூலை. இந்த முறைக்கு வேறு எந்த இரகசியமும் இல்லை. அந்த மூலையில் கொடுக்கக்கூடிய அதிகபட்சத்தைக் கொடுங்கள். நிரம்பலும் கேள்வியும் எவ்வளவு மிஞ்சுகின்றன என்று ஓரத்தில் எழுதுங்கள். தீர்ந்துபோன நிரையையோ நிரலையோ கோடிட்டு மூடுங்கள். மூடாமல் எஞ்சிய பகுதிக்கு மீண்டும் ஒரு வடமேற்கு மூலை இருக்கும்; அங்கே போங்கள்.

செய்து பார்ப்போம். முதல் மூலை நுவரெலியாவிலிருந்து மட்டக்களப்பு. நுவரெலியாவில் 70 இருக்கிறது, மட்டக்களப்பு 20 கேட்கிறது. இரண்டில் சிறியது 20, அதை இடுகிறோம். மட்டக்களப்பு நிரல் தீர்ந்தது, அதை மூடுகிறோம். நுவரெலியாவில் 50 மிச்சம்.

இப்போது மூலை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து தம்புள்ளைக்கு வந்திருக்கிறது. அங்கே 60 வேண்டும், கையில் 50தான் உண்டு. 50ஐ இடுகிறோம். நுவரெலியா நிரை தீர்ந்தது. தம்புள்ளைக்கு இன்னும் 10 வேண்டும்.

நிரை மூடியதால் மூலை கீழே இறங்குகிறது. கெப்பெட்டிபொலவிலிருந்து தம்புள்ளைக்கு அந்த 10. தம்புள்ளை மூடுகிறது, கெப்பெட்டிபொலவில் 40 மிச்சம். வலப்பக்கம் போனால் பேலியகொடை, 50 கேட்கிறது. இருக்கும் 40ஐயும் கொடுக்கிறோம். கெப்பெட்டிபொல மூடுகிறது. பேலியகொடையின் மிச்சத் தேவை 10ஐப் பண்டாரவளை தருகிறது. பண்டாரவளையில் எஞ்சிய 30 கண்டிக்குப் போகிறது. கண்டி கேட்டதும் 30. எல்லாம் தீர்ந்தன.

செலவைக் கூட்டுவோம்:

```
20×12 + 50×7 + 10×9 + 40×10 + 10×11 + 30×7
= 240 + 350 + 90 + 400 + 110 + 210
= 1400
```

நூறு ரூபாய்க் கணக்கு என்பதால் இது 1,40,000 ரூபாய்.

நிரப்பிய கட்டங்களைத் தொடர்ந்து விரலால் தடவிப் பாருங்கள். தேயிலை மலையில் இறங்கும் படிக்கட்டு மாதிரி, ஒரு முறை வலப்பக்கம், ஒரு முறை கீழ்ப்பக்கம் என்று வரும். ஒருபோதும் பின்னால் திரும்பாது, ஒருபோதும் குறுக்காகத் தாவாது. உங்கள் விடையில் படி குறுக்காகத் தாவியிருந்தால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது. அது என்ன என்று சற்றுப் பிறகு சொல்கிறேன்.

ஆறு ஏன்?

அட்டவணையில் மூன்று நிரைகள், நான்கு நிரல்கள், மொத்தம் ஏழு வரிகள். ஒவ்வொரு முறை ஒரு கட்டத்தை நிரப்பும்போதும் சரியாக ஒரு வரியை மூடுகிறோம். கடைசிக் கட்டத்தில் மட்டும், எஞ்சியிருக்கும் ஒரு நிரையும் ஒரு நிரலும் ஒரே நேரத்தில் தீரும். நிரம்பலும் கேள்வியும் சமம் என்பதால் அது தானாகவே நடக்கும். ஆகவே ஏழு வரிகளை மூட ஆறு கட்டங்கள் போதும். நிரைகள் m, நிரல்கள் n என்றால் எண்ணிக்கை m + n − 1. இதை மனப்பாடம் செய்வதைவிட, வரிகளை எண்ணிக் கடைசிக் கட்டத்துக்காக ஒன்றைக் கழிக்கிறோம் என்று நினைவில் வைத்திருப்பது நல்லது. பரீட்சை மண்டபத்தில் சூத்திரம் மறந்தாலும் காரணம் மறக்காது.

ஒரு மாணவியின் கேள்வி

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் முடித்த நாளில், தலவாக்கலையிலிருந்து வரும் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். அவளுடைய அப்பா மரக்கறி லொறி ஓட்டுபவர்.

"சேர், மட்டக்களப்புக்குப் பண்டாரவளையில் இருந்து ஏற்றினால் 6தானே. நாங்கள் 12 கொடுத்து நுவரெலியாவில் இருந்து ஏற்றியிருக்கிறோமே. அப்பா பார்த்தால் என்னைப் பேசுவார்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. வடமேற்கு மூலை முறை செலவு எண்களை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. நாம் இப்போது செய்த ஆறு படிகளையும் திரும்பப் பாருங்கள். ஒதுக்கும்போது பயன்பட்டவை 70, 50, 40, 20, 60, 50, 30 ஆகிய ஏழு எண்கள் மட்டுமே. செலவு எண்கள் கடைசிப் பெருக்கலில்தான் வந்தன. அட்டவணையின் நடுவில் உள்ள பன்னிரண்டு செலவுகளையும் அழித்துவிட்டு வேறு எண்களை எழுதினாலும் இதே ஒதுக்கீடுதான் கிடைக்கும்.

அப்படியானால் இந்த முறை எதற்கு? கணக்கு மீறாத ஒரு திட்டத்தை, தடுமாற இடமில்லாமல், கையாலேயே விரைவாகப் பெறுவதற்கு. இத்தகைய பிரச்சினையைப் பிராங்க் ஹிட்ச்காக் 1941இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பின்னர் ஜார்ஜ் டான்சிக் தம்முடைய சிம்பிளெக்ஸ் முறையை இதற்குப் பொருத்திக் காட்டினார். அந்த முறை ஏதாவதொரு செல்லுபடியாகும் திட்டத்திலிருந்துதான் புறப்படும். புறப்பட்ட பின் படிப்படியாகச் செலவைக் குறைக்கும். வடமேற்கு மூலை அந்தப் புறப்படும் இடத்தைத் தருகிறது.

நான் இதைச் சொன்னதும் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்படியென்றால், சேர், முதல் நிரலில் மட்டக்களப்பை எழுதாமல் கண்டியை எழுதினால் விடை மாறுமா?"

அந்தக் கேள்விக்காக வகுப்பை அரை மணி நேரம் நீட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள். நிரல்களைக் கண்டி, தம்புள்ளை, பேலியகொடை, மட்டக்களப்பு என்ற ஒழுங்கில் எழுதுங்கள். நுவரெலியா கண்டிக்கு 30, தம்புள்ளைக்கு 40 கொடுக்கும். கெப்பெட்டிபொல தம்புள்ளைக்கு 20, பேலியகொடைக்கு 30. பண்டாரவளை பேலியகொடைக்கு 20, மட்டக்களப்புக்கு 20. செலவு 120 + 280 + 180 + 300 + 220 + 120, அதாவது 1220. இடங்களும் செலவுகளும் மாறவில்லை, முறையும் அதேதான். நிரல்களின் ஒழுங்கை மாற்றியதில் 180 குறைந்துவிட்டது.

இதிலிருந்து பரீட்சைக்கு ஒரு விதி வருகிறது: வினாத்தாளில் நிரைகளும் நிரல்களும் எந்த ஒழுங்கில் தரப்பட்டிருக்கின்றனவோ அதே ஒழுங்கில் எழுதுங்கள். மாற்றினால் செல்லுபடியாகும் ஒரு திட்டம்தான் வரும். ஆனால் திருத்துபவர் கையில் உள்ள விடையோடு அது பொருந்தாது.

மிகக் குறைந்த செலவு முறை

மாணவியின் அப்பா நினைப்பது போல நினைக்கும் முறை இது. சில வினாத்தாள்களில் இழிவுக் கிரய முறை என்றும் வரும். மூலையிலிருந்து தொடங்காமல், முழு அட்டவணையிலும் மிகச் சிறிய செலவு எங்கே என்று தேடுகிறோம். அந்தக் கட்டத்தில் இயன்ற அளவு கொடுக்கிறோம், தீர்ந்த வரியை மூடுகிறோம், மூடாமல் இருக்கும் பகுதியில் அடுத்த சிறிய செலவைத் தேடுகிறோம். மூடும் விதி முன்னைய முறையில் இருந்ததுதான். தேடும் விதி மட்டும் மாறியிருக்கிறது.

முதல் அட்டவணைக்கே திரும்புவோம். மிகச் சிறியது 4, நுவரெலியாவிலிருந்து கண்டி. கண்டி கேட்பது 30, அதை முழுவதும் கொடுக்கிறோம். கண்டி நிரல் மூடுகிறது, நுவரெலியாவில் 40 மிச்சம்.

அடுத்த சிறியது 6. அட்டவணையில் இரண்டு 6கள் தெரிகின்றன. ஒன்று கெப்பெட்டிபொலவிலிருந்து கண்டி, மற்றது பண்டாரவளையிலிருந்து மட்டக்களப்பு. பல மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். கண்டி நிரலை நாம் ஏற்கெனவே மூடிவிட்டோம், ஆகவே முதல் 6 இப்போது ஆட்டத்திலேயே இல்லை. மூடிய நிரலின் மேல் மெல்லிய கோடு மட்டும் போட்டு வைத்திருந்தால், அவசரத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பென்சிலால் அந்த நிரல் முழுவதையும் சாய்கோடுகளால் நிழலிட்டு விடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஆகவே பண்டாரவளையிலிருந்து மட்டக்களப்புக்கு 20. மட்டக்களப்பு மூடுகிறது, பண்டாரவளையில் 20 மிச்சம்.

எஞ்சியிருப்பவை தம்புள்ளையும் பேலியகொடையும் மட்டுமே. அவற்றில் சிறியது 7, நுவரெலியாவிலிருந்து தம்புள்ளை. கையில் உள்ள 40ஐயும் கொடுக்கிறோம். நுவரெலியா மூடுகிறது, தம்புள்ளைக்கு இன்னும் 20 வேண்டும். அடுத்தது 9, கெப்பெட்டிபொலவிலிருந்து தம்புள்ளை, 20. தம்புள்ளை மூடுகிறது. அடுத்தது 10, கெப்பெட்டிபொலவிலிருந்து பேலியகொடை, மிச்சமுள்ள 30. கடைசியில் பண்டாரவளையிலிருந்து பேலியகொடைக்கு 20. செலவு 11 என்றாலும் வேறு வழி இல்லை.

```
30×4 + 20×6 + 40×7 + 20×9 + 30×10 + 20×11
= 120 + 120 + 280 + 180 + 300 + 220
= 1220
```

கட்டங்கள் ஆறு. செலவு 1220, அதாவது 1,22,000 ரூபாய். வடமேற்கு மூலையைவிட 18,000 ரூபாய் குறைவு. இங்கே நிரல்களை எந்த ஒழுங்கில் எழுதினாலும் இதே விடைதான் வரும், ஏனென்றால் இந்த முறை இடத்தைப் பார்ப்பதில்லை, விலையைப் பார்க்கிறது.

ஒரே சிறிய செலவு இரண்டு திறந்த கட்டங்களில் இருந்தால் எதை எடுப்பது? பெரும்பாலும் கைக்கொள்ளும் வழக்கம், அதிக மூடைகளைப் போடக்கூடிய கட்டத்தை எடுப்பது. வினாத்தாளில் வேறு விதி தரப்பட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். எதை எடுத்தாலும், ஏன் எடுத்தீர்கள் என்று அரை வரி எழுதிவிடுங்கள்.

மலிவு எப்போதும் மலிவா?

மேலே கிடைத்த 1220 இந்த அட்டவணைக்கு உண்மையிலேயே மிகக் குறைந்த செலவு. அடுத்த பாடத்தில் சோதித்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அது எப்போதும் அப்படி அமையாது. அதைக் காட்டுவதற்கு இரண்டே இடங்களும் இரண்டே சந்தைகளும் போதும்.

ஹப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையே மண்சரிவு, வீதி மூடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பண்டாரவளையிலிருந்து பேலியகொடைக்குப் போகும் லொறி சுற்றிப் போக வேண்டும். செலவு 20 ஆகிவிட்டது. நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் தலா 10 மூடைகள். பேலியகொடையும் கண்டியும் தலா 10 கேட்கின்றன.

| | பேலியகொடை | கண்டி | நிரம்பல் |
|---|---|---|---|
| நுவரெலியா | 8 | 4 | 10 |
| பண்டாரவளை | 20 | 7 | 10 |
| கேள்வி | 10 | 10 | 20 |

குறைந்த செலவு முறை 4ஐப் பார்த்தவுடன் நுவரெலியாவின் 10ஐயும் கண்டிக்குக் கொடுத்துவிடும். அதன் பிறகு பண்டாரவளைக்குப் பேலியகொடையைத் தவிர வேறு சந்தை இல்லை. 40 + 200, மொத்தம் 240. எண்களையே பார்க்காத வடமேற்கு மூலை நுவரெலியாவைப் பேலியகொடைக்கும் பண்டாரவளையைக் கண்டிக்கும் அனுப்பி 80 + 70, மொத்தம் 150இல் முடிக்கும்.

முதல் அடியில் மூடைக்கு 4 சேமித்ததால் கடைசி அடியில் மூடைக்கு 13 இழந்தோம். குறைந்த செலவு முறை ஒவ்வொரு அடியிலும் அந்த அடிக்கு மலிவானதை எடுக்கிறது; அடுத்து எஞ்சுவது என்ன என்று பார்ப்பதில்லை. ஆகவே "குறைந்த செலவு முறையால் கிடைத்தது, எனவே இது உத்தமத் தீர்வு" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். "தொடக்கச் சாத்தியத் தீர்வு" என்று மட்டும் எழுதுங்கள்.

நிரையும் நிரலும் ஒன்றாகத் தீர்ந்தால்

முன்பு சொன்ன குறுக்குத் தாவலுக்கு வருவோம். முதல் அட்டவணையில் தம்புள்ளை 50உம் பேலியகொடை 60உம் கேட்பதாக மாற்றுங்கள். மொத்தம் அதே 160. நிரல்களும் பழைய ஒழுங்கிலேயே இருக்கட்டும்.

வடமேற்கு மூலையில் நுவரெலியா மட்டக்களப்புக்கு 20 கொடுக்கிறது, 50 மிச்சம். தம்புள்ளை கேட்பதும் 50. கொடுத்தவுடன் நுவரெலியா நிரையும் தீர்ந்தது, தம்புள்ளை நிரலும் தீர்ந்தது. இங்கே கை இரண்டையும் மூடத்தான் போகும். மூடிவிட்டால் அடுத்த மூலை கெப்பெட்டிபொலவிலிருந்து பேலியகொடை, அதாவது குறுக்காக ஒரு தாவல். முடிவில் ஐந்து கட்டங்கள்தான் நிரம்பியிருக்கும். மூடைகள் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதால் பிழை கண்ணில் படாது. அடுத்த பாடத்தில் நிரைக்கும் நிரலுக்கும் எண்கள் கண்டுபிடிக்கும்போதுதான் கணக்கு நடுவில் அறுந்து நிற்கும். சமன்பாடுகள் ஐந்து, தேவைப்படுபவை ஆறு.

தீர்வு எளிது. ஒரு கட்டத்துக்கு ஒரு வரியை மட்டும் மூடுங்கள். இங்கே நுவரெலியா நிரையை மூடுகிறோம். தம்புள்ளை நிரல் திறந்தே இருக்கிறது, ஆனால் அதன் மிச்சக் கேள்வி 0. மூலை கீழே இறங்கிக் கெப்பெட்டிபொலவிலிருந்து தம்புள்ளைக்கு வருகிறது. அங்கே 0 என்று எழுதுகிறோம், தம்புள்ளையை மூடுகிறோம். பிறகு கெப்பெட்டிபொல பேலியகொடைக்கு 50, பண்டாரவளை பேலியகொடைக்கு 10, கண்டிக்கு 30. அந்தப் பூச்சியத்தையும் சேர்த்துக் கட்டங்கள் ஆறு. செலவு 1410. படிக்கட்டும் அறுபடவில்லை.

அந்த 0 வெற்றுக் கட்டம் அல்ல. வெற்றுக் கட்டம் திட்டத்தில் இல்லாதது. 0 எழுதிய கட்டம் திட்டத்தில் உள்ளது. ஆகவே அதைத் தெளிவாக எழுதி வட்டமிடுங்கள். இதைச் சிதைவு நிலை என்பார்கள். குறைந்த செலவு முறையிலும் இதே விதிதான்: இரண்டு வரிகள் ஒன்றாகத் தீர்ந்தால் ஒன்றை மூடி, மற்றதை 0 மிச்சத்தோடு திறந்து வையுங்கள். அதன் முறை வரும்போது அதன் மலிவான திறந்த கட்டத்தில் 0 விழும். விடுபட்ட பூச்சியத்தைக் கடைசியில் தேடி ஏதோ ஒரு கட்டத்தில் போடுபவர்களும் உண்டு. அது ஆபத்து, ஏனென்றால் அந்தக் கட்டம் மற்ற நிரப்பிய கட்டங்களோடு சேர்ந்து ஒரு மூடிய சுற்றை உண்டாக்கிவிடலாம். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தால் சுற்று உண்டாகவே இடமில்லை.

கூட்டுத்தொகை சமமில்லாவிட்டால்

பேலியகொடை இந்த வாரம் 35 மூடைகள் போதும் என்கிறது. தம்புள்ளை முன்போல 60. மொத்தக் கேள்வி 145, நிரம்பல் 160. பதினைந்து மூடைகள் களஞ்சியத்திலேயே நிற்கும். இதற்கு ஒரு போலி நிரல் சேர்க்கிறோம். கேள்வி 15, எல்லாக் கட்டங்களிலும் செலவு 0. இப்போது மூன்று நிரைகள், ஐந்து நிரல்கள், ஆகவே தேவையான கட்டங்கள் ஏழு. வடமேற்கு மூலையில் போலி நிரலைக் கடைசியில் எழுதினால் வழக்கம்போலப் போகலாம்.

குறைந்த செலவு முறையில்தான் சிக்கல். அட்டவணையில் மிகச் சிறியது இப்போது 0. விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் முதலில் நிரப்ப வேண்டியது போலி நிரலை, அதுவும் மூன்று நிரைகளில் எந்த நிரையிலிருந்தும். நுவரெலியாவிலிருந்து அந்த 15ஐ எடுத்தோம் என்றால், மலிவாக அனுப்பக்கூடிய மூடைகளை வீட்டில் நிறுத்திவிட்டு, பண்டாரவளை மூடைகளை 11 கொடுத்து அனுப்ப நேரிடும். முழுவதும் செய்து பார்த்தால் 1100 வரும். போலி நிரலைத் தொடாமல் உண்மையான சந்தைகளை முதலில் நிரப்பினால், பேலியகொடைக்குப் பண்டாரவளையிலிருந்து 5 மட்டும் போகும், எஞ்சிய 15 பண்டாரவளையிலேயே நிற்கும். செலவு 1055. ஒரே கணக்கு, 4,500 ரூபாய் வித்தியாசம்.

நான் இரண்டாவது வழியையே விரும்புகிறேன். ஆனால் பாடநூல்கள் இதில் ஒன்றுபடுவதில்லை. உங்கள் விரிவுரைக் குறிப்பு எதைச் சொல்கிறதோ அதையே பரீட்சையில் செய்யுங்கள். போலி நிரலைக் கடைசிக்கு விட்டிருந்தால் "போலி நிரல் இறுதியில் நிரப்பப்பட்டது" என்று அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் திருத்துபவருக்கு அது தற்செயலாகச் செய்ததாகத் தோன்றலாம்.

ஒரு பயிற்சி

முதல் அட்டவணையையே எடுத்து, நிரல்களை அப்படியே விட்டு, நிரைகளை மட்டும் தலைகீழாக்குங்கள்: பண்டாரவளை மேலே, கெப்பெட்டிபொல நடுவில், நுவரெலியா கீழே. வடமேற்கு மூலை முறையால் செய்யுங்கள். ஆறு கட்டங்கள் நிரம்பி 1240 வந்தால் சரி. 1360 வந்தால், பெயர்களையும் செலவுகளையும் இடம் மாற்றிவிட்டு, 70ஐயும் 40ஐயும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டீர்கள். வலப்பக்க நிரம்பல் நிரலைத் திருத்தி, முதல் கட்டத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.